ஊர்க்காவலரும் படைவீரரும்: ஒரு விளக்கம்

முன்னுரை

திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்திற்கு உரை வகுத்த பரிமேலழகர் மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை எனப் படையை அறுவகையாகப் பகுத்துக் கூறுவார். வழிவழியாக அரசனுக்கு உரியவர் மூலப்படையினர். கூலி பெற்றுப் போரிடுவோர் கூலிப்படையினர். நாட்டு மக்களிடமிருந்து திரட்டப்பட்டோர் நாட்டுப்படையினர். வீரன் எங்கிருந்து வந்தான் என்பதே இப்பகுப்பின் அடிப்படையாகும்.

இக்காலப் படைகளையும் வகைப்படுத்தலாம். ஆனால் அதற்கு வேறோர் அளவுகோல் தேவைப்படுகிறது. திருவிழாக் கூட்டத்தை ஒழுங்கு செய்யும் ஊர்க்காவல் படையினரைக் காக்கிச் சீருடையில் நாம் காண்கிறோம். எல்லையில் நிற்கும் படைவீரரையும் நாளிதழ்ப் படங்களில் காண்கிறோம். இருவரும் சீருடை அணிந்தவரே. இருவரும் அணிவகுப்புப் பயின்றவரே. எனினும் அவர்களைப் பிணைக்கும் கட்டு வெவ்வேறானது. அக்கட்டு எந்நேரம் செல்லும், எவ்விடம் வரை செல்லும், எச்சட்டத்தால் இறுகும், எவ்வாறு அவிழும் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கண்டால் வேறுபாடு விளங்கிவிடும்.

இதனை விளக்குதற்கு ஏற்ற களம் இரண்டாம் உலகப்போர்க் கால இங்கிலாந்து ஆகும். அங்கு எல்லா வகையினரும் ஒரே காலத்தில், பல சமயங்களில் ஒரே தெருவில், வாழ்ந்தனர். ஊர்க்காவல் படை என்று நாம் வழங்கும் பெயர், ஆங்கிலத்தில் ‘ஹோம் கார்டு’ எனப் புகழ்பெற்றதும் அங்கேதான். முதலில் அங்குள்ள நிலையைக் கண்டு, பின்னர் நம் நாட்டிற்கு வருவோம்.

முழுநேர வீரரும் சேமப்படை வீரரும்

முழுநேர வீரருக்குப் படையே தொழில். அவருக்கு ஊதியம், உணவு, உறைவிடம் அனைத்தையும் அரசு தருகிறது. ஈடாக இருபத்து நான்கு மணி நேரமும் அவர் இராணுவச் சட்டத்திற்கு உட்பட்டவர். எந்நாட்டிற்கு அனுப்பினாலும் செல்ல வேண்டியவர். விரும்பியபோது விலகும் உரிமை அவருக்கு இல்லை. உத்தரவின்றி விலகினால் அது குற்றமாகும்.

சேமப்படை வீரர், அதாவது ‘ரிசர்விஸ்ட்’, யார்? பலர் இவரைப் பகுதிநேர வீரர் என எண்ணுகின்றனர். அது பொருந்தாது. அவர் முன்னரே முழுநேர வீரராகப் பணியாற்றி வீடு திரும்பியவர். 1914ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பிரிட்டிஷ் காலாட்படையில் ஒருவர் சேரும்போது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்வது பெருவழக்கு. அதில் ஏழு ஆண்டுகள் படையில் நேரடிப் பணி. எஞ்சிய ஐந்து ஆண்டுகள் சேமத்தில் இருத்தல். அந்த ஐந்து ஆண்டுகளில் அவர் தச்சராகவோ அஞ்சல்காரராகவோ வாழலாம். ஆனால் அரசு அறிவிப்பு வெளியானால் உடனே பழைய படைப்பிரிவிற்குத் திரும்ப வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை, உறங்கிக்கொண்டிருக்கிறது எனலாம்.

சேமப்படையின் வலிமையும் குறையும் 1914 ஆகஸ்டில் ஒருங்கே வெளிப்பட்டன. பிரான்சிற்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் காலாட்படையில் பாதிக்கு மேற்பட்டோர் சேமத்திலிருந்து அழைக்கப்பட்டவர்கள். துப்பாக்கியைக் கையாளும் திறமையை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் கால்கள் மறந்திருந்தன. அவர்களுக்குப் புதிய பூட்சுகள் வழங்கப்பட்டன. மோன்ஸ் நகரில் போரிட்டபின் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் தொலைவு பின்வாங்கி நடக்க நேர்ந்தபோது, பலருடைய பாதங்கள் புண்ணாகி நடக்க இயலாமற் போயின. சேமப்படை வீரருக்குக் குறைவது அறிவு அன்று, அன்றாடப் பழக்கமே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பகுதிநேரக் குடிமகனிடமோ நிலைமை மாறானது. அவரிடம் முன் அறிவே இருப்பதில்லை. அதனைத் தொடக்கத்திலிருந்து ஊட்ட வேண்டும்.

மிலிஷியா என்னும் சொல்

‘மிலிஷியா’ என்னும் சொல் வாசகரை மயக்குவது. 1757ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் ஒவ்வொரு வட்டாரமும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைத் தர வேண்டும். அவர்கள் திருவுளச்சீட்டின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். சீட்டு விழுந்தவர் தாம் போக விரும்பாவிடின், பணம் கொடுத்து மற்றொருவரைத் தம் இடத்தில் அனுப்பலாம். ஆண்டில் சில நாள் பயிற்சி. மற்ற நாட்களில் உழவோ தொழிலோ. நாட்டைக் காப்பதே கடமை. கடல் கடந்து செல்லுமாறு கட்டாயப்படுத்த இயலாது. இதுவே மிலிஷியாவின் பழைய இலக்கணம்.

இருபதாம் நூற்றாண்டில் அதே சொல் வேறு பொருளுக்குப் பெயர்ந்தது. 1939 மே மாதத்தில் இயற்றப்பட்ட இராணுவப் பயிற்சிச் சட்டம், இருபது வயது நிரம்பிய இளைஞர்களை ஆறு மாதப் பயிற்சிக்கு அழைத்தது. முழுநேர வீரரிடமிருந்து வேறுபடுத்த அவர்களுக்கு ‘மிலிஷியாமென்’ எனப் பெயரிட்டனர். ஆனால் நான்கே மாதங்களில் போர் மூண்டது. அவர்கள் பொதுப் படையில் கலந்துவிட்டனர். பெயர் குடிமக்கள் படையினுடையது. வாழ்வோ முழுநேர வீரருடையது. ஆகவே பெயரைக் கொண்டு மட்டும் வகையைத் துணிதல் கூடாது.

இவ்விரண்டிற்கும் இடையில் ‘டெரிட்டோரியல்’ எனப்படும் பிராந்தியப் படை இருந்தது. 1908இல் அமைக்கப்பட்ட இதில் விருப்பமுடைய குடிமக்கள் சேர்ந்தனர். மாலைநேரப் பயிற்சியும் ஆண்டுக்கொரு முகாமும் பெற்றனர். அமைதிக் காலத்தில் இவர்கள் பகுதிநேரத்தினர். ஆனால் 1939 செப்டம்பரில் அழைப்பாணை வந்ததும் தொழிலை விட்டு முழுநேர வீரராகிப் போர்முனைக்குச் சென்றனர். இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிராந்தியப் படையினர் போர் வரும்வரை பகுதிநேரத்தினர். ஊர்க்காவல் படையினரோ போர் நடக்கும்போதும் பகுதிநேரத்தினரே.

1940ஆம் ஆண்டு மே மாதம்

1940 மே மாதத்தில் ஜெர்மானியப் படை ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் புகுந்தது. பாராசூட் மூலம் வீரர்கள் இறங்கிப் பாலங்களைக் கைப்பற்றினர். அதுபோல் இங்கிலாந்திலும் நிகழலாம் என்ற அச்சம் எழுந்தது. மே 14ஆம் நாள் இரவு, போர் அமைச்சர் அந்தோணி ஈடன் வானொலியில் பேசினார். 17 முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் ‘உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்’ அணியில் சேரலாம், ஊதியம் இல்லை, அருகிலுள்ள காவல் நிலையத்தில் பெயர் பதியலாம் என அறிவித்தார். பேச்சு முடியுமுன்பே சில காவல் நிலையங்களின் வாயிலில் வரிசை நின்றதாகக் கூறுவர். சில நாட்களில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் பதிந்தனர். அவ்வாண்டுக் கோடையின் நடுவில் தொகை பதினான்கு இலட்சத்தை நெருங்கியது. ஜூலை மாதத்தில் சர்ச்சிலின் விருப்பப்படி ‘ஹோம் கார்டு’ எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஆட்கள் கிடைத்த அளவிற்கு ஆயுதங்கள் கிடைக்கவில்லை. மக்கள் கொடுத்த வேட்டைத் துப்பாக்கிகளே தொடக்கத்தில் உதவின. பின்னர் அமெரிக்காவிலிருந்து துப்பாக்கிகள் வந்தன. அவற்றின் தோட்டா பிரிட்டிஷ் தோட்டாவினின்றும் அளவில் வேறுபட்டது. மாற்றிப் போட்டால் துப்பாக்கி பயன்படாது என்பதால் அவற்றின்மீது சிவப்பு வண்ணப் பட்டை பூசினர். 1941இல் இரும்புக் குழாயில் துப்பாக்கிக் கத்தியைப் பற்றவைத்துச் செய்த ஈட்டிகள் கூட ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அவற்றைக் கண்டு தொண்டர்கள் சினமுற்றனர்.

பயிற்சிக் குறைவின் விளைவும் விரைவில் தெரிந்தது. 1940 ஜூன் மாதத்தில், சாலைத் தடைகளில் நிற்காமற் சென்ற ஊர்திகளை நோக்கித் தொண்டர்கள் சுட்டதில் பொதுமக்கள் சிலர் உயிரிழந்தனர். சுடுவதற்குக் கற்பது எளிது. எப்போது சுடக்கூடாது என்பதைக் கற்பதற்கே காலம் வேண்டும். முழுநேர வீரருக்கும் சில வாரம் பயின்ற குடிமகனுக்கும் உள்ள வேறுபாட்டில் இதுவே மிகப் பெரிது எனலாம்.

கைப்பட்டையின் பொருள்

தொடக்கத்தில் தொண்டர்களுக்குச் சீருடை இல்லை. ஆனால் பணிக்குச் சென்ற முதல் நாட்களிலேயே ஆங்கில எழுத்துகள் பொறித்த துணிப்பட்டை ஒன்றை அவர்கள் கையில் கட்டினர். அத்துணிப்பட்டை வெறும் அடையாளம் அன்று. அதில் ஓர் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியிருந்தது.

1907ஆம் ஆண்டு ஹேக் நகரில் நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கையின் விதிகளில் முதல் விதி, போரின் உரிமைகளும் கடமைகளும் முறையான இராணுவத்திற்கு மட்டுமன்றி மிலிஷியாவிற்கும் தொண்டர் படைகளுக்கும் உரியன என்கிறது. அதற்கு நான்கு நிபந்தனைகளை விதிக்கிறது. அவர்கள் பொறுப்புள்ள ஒரு தலைவரின்கீழ் இருத்தல் வேண்டும். தொலைவிலிருந்தே கண்டறியத்தக்க நிலையான அடையாளத்தை அணிதல் வேண்டும். ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்துதல் வேண்டும். போர்ச் சட்டங்களைப் பின்பற்றிப் போரிடுதல் வேண்டும். இந்நான்கும் அமைந்தால் பிடிபட்டவர் போர்க்கைதி ஆவார். அவரைக் கொல்லுதல் குற்றம். இவை அமையாத வெறும் குடிமகன் துப்பாக்கி ஏந்தினால் அந்தப் பாதுகாப்பை அவர் இழக்க நேரிடும்.

ஜெர்மானிய வானொலி இந்தத் தொண்டர்களைக் கொலைக் கூட்டம் என வருணித்து, பிடிபட்டால் சுட்டுக் கொல்லப்படுவர் என மிரட்டியது. பிரிட்டிஷ் அரசு இதனை முன்னுணர்ந்திருந்தது. ஈடன் பேசிய மூன்றாம் நாளே, அதாவது மே 17ஆம் நாள், தொண்டர்களை மன்னரின் ஆயுதப் படைகளில் ஒரு பகுதியாக்கி ஒழுங்குவிதி பிறப்பித்தது. பணியில் இருக்கும் நேரத்தில் அவர்கள் இராணுவச் சட்டத்திற்கு உட்பட்டனர். ஆகவே பகலெல்லாம் கடையில் துணி அளந்தவர், இரவில் கைப்பட்டையைக் கட்டியவுடன் சட்டத்தின் கண்ணில் வீரராகிறார். காலையில் அதனை அவிழ்த்தவுடன் மீண்டும் கடைக்காரர் ஆகிறார்.

எட்டு இரவில் ஓர் இரவு

பகுதிநேரப் படையை நடத்துவோர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் கணக்குச் சிக்கல். 1942 முதல், விமானங்களை நோக்கி ராக்கெட் ஏவும் நிலையங்களில் ஹோம் கார்டு தொண்டர்கள் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் எட்டு இரவில் ஓர் இரவு முறை. பகலில் தொழிற்சாலையில் உழைப்பவர் அதற்குமேல் விழித்திருக்க இயலாது. ஓர் இரவிற்கு நூறு பேர் தேவையெனில், முறை வைத்து நிறுத்த எண்ணூறு பேர் பட்டியலில் இருக்க வேண்டும். எண்ணூறு பேருக்கும் சீருடை வேண்டும். எண்ணூறு பேருக்கும் பயிற்சி வேண்டும். முழுநேர வீரரெனில் மாற்று ஆட்களையும் சேர்த்துச் சில நூறு பேரே போதும்.

ஆகவே பகுதிநேரப் படையின் பட்டியலில் உள்ள தொகையைக் கண்டு அதன் வலிமையை அளந்துவிடுதல் பிழை. இன்றிரவு எத்தனை பேர் வருவர் என்பதே சரியான வினா. அதே வேளையில், இப்படைக்கு வேறெவரிடமும் இல்லாத ஒரு செல்வம் உண்டு. தன் ஊரின் சந்தும் ஓடையும் அவருக்குத் தெரியும். ஊருக்குப் புதியவர் யார் என்பதும் தெரியும். பாலம், தொலைபேசி நிலையம், மின் நிலையம் ஆகியவற்றைக் காக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அப்பணியிலிருந்து விடுபட்ட முழுநேர வீரர் போர்முனைப் பயிற்சிக்குச் செல்ல முடிந்தது.

கட்டு அவிழும் முறை

தொடக்கத்தில் ஹோம் கார்டு தொண்டர் பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். வீட்டு வேலையாளும் அவ்வாறு அறிவித்து விலகும் வழக்கம் இருந்ததால், இவ்விதியைக் கேலியாக ‘வேலைக்காரப் பெண் விதி’ என்றனர். படைத்தலைவர்களுக்கு இது பெருந்தொல்லை. நாளைக்கு யார் இருப்பார் என்று தெரியாமல் காவலைத் திட்டமிட இயலாது. ஆகவே 1942 தொடக்கத்தில் இவ்வுரிமை நீக்கப்பட்டது. தேவையான ஊர்களில் ஆட்களைக் கட்டாயமாகச் சேர்க்கவும் வழி செய்யப்பட்டது. ஆனால் அப்போதும் நான்கு வாரத்திற்கு 48 மணி நேரத்திற்குமேல் பயிற்சியும் காவலும் கேட்கலாகாது என்ற வரம்பு இருந்தது. அணிவகுப்பிற்கு வராதவரின் வழக்கு, பொதுமக்களுக்குரிய நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டது. கட்டாயம் வந்தபோதும், அவரது பிழைப்பைக் காக்கும் எல்லைக்கோடு அழியவில்லை என்பது இங்கு கருதத்தக்கது.

படையெடுப்பு நிகழவில்லை. 1944 டிசம்பர் 3ஆம் நாள் ஹோம் கார்டு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டது. 1945ஆம் ஆண்டின் இறுதி நாளில் கலைக்கப்பட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் ஊர்க்காவல் படை 1946 டிசம்பரில் பம்பாயில் தோன்றியது. நகரில் எழுந்த கலவரங்களைக் கட்டுப்படுத்தக் காவல் துறைக்குத் துணையாக அமைக்கப்பட்டதால், அது பிறப்பிலேயே இங்கிலாந்தின் ஹோம் கார்டிலிருந்து வேறுபட்டது. 1962ஆம் ஆண்டுச் சீனப் போருக்குப் பின், மாநிலங்களில் இருந்த பல்வேறு தொண்டர் அமைப்புகளை ஒரே சீரான ஊர்க்காவல் படையாக்குமாறு நடுவண் அரசு அறிவுறுத்தியது.

பெயர் ஒன்றாயினும் சட்டம் வேறு. இங்கிலாந்தின் ஹோம் கார்டு இராணுவத்தின் பகுதி. நம் ஊர்க்காவல் படை மாநில அரசின்கீழ், காவல் துறைக்குத் துணைநிற்பது. அழைக்கப்பட்ட பணிநேரத்தில் அவருக்குப் பொதுவாகக் காவலருக்குரிய அதிகாரமும் பாதுகாப்பும் உண்டு. அந்நேரம் முடிந்ததும் அவை நீங்கும். அவர் பெறுவது ஊதியம் அன்று. பணியாற்றிய நாட்களுக்கான படி.

இராணுவத்தைச் சார்ந்த பகுதிநேரக் குடிமக்கள் படை நம் நாட்டில் தனியே உண்டு. அதுவே ‘டெரிட்டோரியல் ஆர்மி’ எனப்படும் பிராந்திய இராணுவம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இதனை, 1949 அக்டோபர் 9ஆம் நாள் அன்றைய கவர்னர் ஜெனரல் இராஜாஜி தொடங்கிவைத்தார். இதில் சேர விரும்புபவர் ஏற்கெனவே வேறு தொழில் உடையவராக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் பயிற்சி, அழைப்பு வந்தால் முழுநேரப் பணி, அப்போது இராணுவச் சட்டம் அவரைப் பிணைக்கும். பணி முடிந்து திரும்பும்போது, பழைய வேலையில் அவரை மீண்டும் அமர்த்தும் கடமையை அச்சட்டம் முதலாளியின்மீது சுமத்துகிறது. கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011இல் லெப்டினன்ட் கர்னல் என்னும் கௌரவப் பதவி அளிக்கப்பட்டது இப்படையில்தான்; ஊர்க்காவல் படையில் அன்று.

இவ்வேறுபாடுகள் ஏட்டளவில் நின்றுவிடுவன அல்ல என்பதற்கு 2015ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சான்று. இமாசலப் பிரதேசம் முதலிய மாநிலங்களின் ஊர்க்காவல் படையினர் பல்லாண்டு தொடர்ந்து பணியாற்றியதைக் காட்டி, தம்மை நிரந்தரமாக்க வேண்டும் என வழக்காடினர். ஊர்க்காவல் படை தன்னார்வ அமைப்பு. ஆகவே நிரந்தரமாக்க ஆணையிட இயலாது என நீதிமன்றம் கூறியது. ஆனால் அதனோடு நிற்கவில்லை. காவலரைப் போல் அவர்களிடம் பணி வாங்கும் அரசு, மாதம் முழுதும் பணியாற்றியவருக்குக் கிடைக்கும் படி காவலரின் குறைந்தபட்ச ஊதியத்திற்கு நிகராகும் வண்ணம் நாட்படியை வழங்க வேண்டும் என அறிவுறுத்தியது.

இத்தீர்ப்பை ஆழ்ந்து நோக்கினால், பகுதிநேரப் படையின் நோய் எது என்பது புலனாகும். பகுதிநேரம் என்ற பெயரில் முழுநேர உழைப்பைப் பெறும்போது அந்நோய் தொடங்குகிறது. வேறு பிழைப்புடையவர் சில நாட்கள் வந்து செல்வதற்கென ஏற்பட்டது இவ்வமைப்பு. வேறு பிழைப்பில்லாதவர் ஆண்டு முழுதும் அதனையே நம்பி நிற்பாராயின், அவர் வீரருமாகார், காவலருமாகார். கடமை மட்டும் இருவருடையதாகவும் உரிமை எவருடையதும் அல்லாததாகவும் நின்றுவிடுகிறது. படி ஒரு மாதத்தில் எத்தனை நாட்களுக்குக் கிடைக்கிறது, எத்தனை நாட்கள் பணி கேட்கப்படுகிறது என்பதைக் கொண்டு இந்நோயைக் கண்டறியலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். முழுநேர வீரரின் கட்டு எந்நேரமும் இறுகியிருப்பது, எங்கும் செல்வது. சேமப்படை வீரரின் கட்டு முன்னர் இறுகி, இப்போது தளர்ந்து, அழைப்பு வந்தால் மீண்டும் இறுகுவது. பிராந்தியப் படையினரின் கட்டு அமைதியில் பகுதிநேரமாகவும் அழைப்பில் முழுநேரமாகவும் அமைவது. ஊர்க்காவலரின் கட்டு பணிநேரத்திற்கு மட்டும் உரியது, ஊரோடு நிற்பது, பணி முடிந்ததும் அவரைத் தொழிலிடம் திருப்பி அனுப்புவது.

நம் மாணவர்களுள் சிலர் இப்படைகளுள் ஒன்றில் சேர எண்ணலாம். பெற்றோரும் பெரியோரும் அவர்களுக்கு வழிகாட்ட நேரலாம். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் நான்கு வினாக்களைக் கேட்டல் நலம். எத்தனை நாட்கள் என்னை அழைக்கலாம்? எவ்விடத்திற்கு அனுப்பலாம்? காவல் துறைச் சட்டம், இராணுவச் சட்டம் ஆகியவற்றுள் எது என்னை ஆளும்? பணி முடிந்தபின் நான் திரும்புவதற்கு என்ன தொழில் இருக்கிறது? முதல் மூன்றிற்கு விதிநூல் விடை தரும். நான்காவதற்கு ஊர்க்காவல் படை விடை தராது. அவ்விடையைச் சேருபவர் தம் கையிலேயே வைத்திருத்தல் வேண்டும்.